காற்று எங்கிருந்து வருகிறது?

1954-இல் வெளிவந்த 'நாகின்' இந்திப் படத்தின் மகுடி இசையைக் கேட்காத காது இந்தியாவில் குறைவு. ஹேமந்த் குமார் இசையமைத்த அந்தப் படத்துக்குப் பிறகு, பாம்பு நடனம் என்றாலே கல்யாண ஊர்வல பேண்டு செட்டிலிருந்து பள்ளி ஆண்டுவிழா வரை அந்த மெட்டுதான். ஆனால் அந்தப் பாட்டில் மகுடியாகக் கேட்பது மகுடி அல்ல. கல்யாண்ஜி 'கிளாவியோலின்' என்ற சின்ன மின்னணு வாத்தியத்தையும், ரவி ஹார்மோனியத்தையும் வாசித்து உண்டாக்கிய ஒலி அது. கிளாவியோலினை 1947-இல் உருவாக்கியவர் பிரான்ஸ் நாட்டின் கான்ஸ்டான்ட் மார்த்தான். இரண்டு பேருமே பின்னாளில் பெரிய இசையமைப்பாளர்கள் ஆனார்கள்.

ஒன்று துருத்திக் காற்றில் பாடுவது, மற்றொன்று மின்சாரத்தில் பாடுவது. இரண்டும் ஒட்டிக்கொண்டு மூன்றாவதாக ஒரு வாத்தியமாக நாடு முழுவதையும் நம்பவைத்தன. அப்படியிருக்க, யாரோ ஒருவர் ஐந்து வினாடி ஒலித் துண்டை அனுப்பி, 'இது ஹார்மோனியமா, அக்கார்டியனா, மெலோடிக்காவா, எலெக்ட்ரிக் ஆர்கனா?' என்று கேட்டால் எதை வைத்துப் பதில் சொல்வது? படம் கிடையாது, வாசித்தவர் பெயர் கிடையாது. காதை மட்டும்தான் நம்பவேண்டும்.

பெரும்பாலோர் முதலில் கவனிப்பது வாத்தியத்தின் 'குரலை'. கரகரப்பாக இருக்கிறதா, மெல்லியதா, கனமா என்று பார்க்கிறார்கள். இந்த நான்கு வாத்தியங்களைப் பொறுத்தவரை அது பாதி வழியில் கைவிட்டுவிடும். காரணம், இவற்றில் மூன்றுக்குத் தொண்டை ஒன்றுதான்.

ஹார்மோனியத்தைத் திறந்து பார்த்தால் வரிசையாகப் பித்தளைத் தகடுகள் இருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் நீளமான ஒரு துளை. அந்தத் துளையின் மேல் ஒரு முனை மட்டும் பொருத்தப்பட்ட மெல்லிய நாக்கு. நாக்கு துளையைவிட மயிரிழை சிறியது. காற்று தள்ளும்போது அது துளைக்குள் புகுந்து வெளியே வந்து ஆடும். ஒவ்வொரு ஆட்டமும் காற்றோட்டத்தை ஒருமுறை வெட்டும். வினாடிக்கு 440 முறை வெட்டினால் நம் காதில் 440 ஹெர்ட்ஸ் சுரம் விழுகிறது. இதைத்தான் 'ரீடு' என்கிறார்கள். அக்கார்டியனில் இந்த நாக்கு பெரும்பாலும் எஃகு, ஹார்மோனியத்தில் பித்தளை. மெலோடிக்காவிலும் இதே நாக்குதான். வியன்னாவில் சிரில் டெமியன் 1829-இல் அக்கார்டியனுக்குக் காப்புரிமை பெற்றார். பாரிஸில் அலெக்சாந்தர் தெபைன் 1842-இல் ஹார்மோனியத்துக்குப் பெற்றார். கால்மிதி வைத்த அந்தப் பெரிய பெட்டியைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு வாசிக்கும்படி கொல்கத்தாவின் துவாரகநாத் கோஷ் மாற்றியமைத்தது 1875-ஐ ஒட்டி. மெலோடிக்கா 1950-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் ஹோனர் நிறுவனத்திலிருந்து வந்தது. பிறந்த ஊர்கள் வேறு. உள்ளே பாடும் நாக்கு ஒன்று.

ஆகவே ஒரு சுரம் அசையாமல் நிற்கும்போது இந்த மூன்றையும் பிரிப்பது கடினம். 1964-இல் கென்னத் பெர்கர் என்ற ஆய்வாளர் காற்று வாத்தியங்களின் ஒலிப்பதிவுகளில் தொடக்கத்தையும் முடிவையும் வெட்டிவிட்டு, நடுப்பகுதியை மட்டும் இசை பயின்றவர்களுக்குப் போட்டுக் காட்டினார். முழுச் சுரத்தைக் கேட்டு வாத்தியத்தைச் சொன்னவர்கள்கூடத் தடுமாறினார்கள். சுரம் எப்படிப் பிறக்கிறது, எப்படி அடங்குகிறது என்பதில்தான் வாத்தியத்தின் அடையாளம் பெரிதும் ஒட்டியிருக்கிறது.

அனுபவமுள்ள வாத்தியக்காரர்கள் ஒரு துண்டைக் கேட்கும்போது மனசுக்குள் ஒரே கேள்வியைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள் என்று சொல்லலாம்: இந்தச் சுரத்துக்குக் காற்று எங்கிருந்து வருகிறது? கையால் அமுக்கும் துருத்தியிலிருந்தா, இரு பக்கமும் இழுத்துத் தள்ளும் துருத்தியிலிருந்தா, மனிதரின் வாயிலிருந்தா, அல்லது காற்றே இல்லையா? நான்குக்கும் நான்கு விதமான தடயங்கள் விழும்.

ஹார்மோனியத்திலிருந்து தொடங்கலாம். வாசிப்பவரின் இடக்கை பின்பக்கத் துருத்தியை ஆட்டுகிறது. அந்தக் காற்று நேராக ரீடுக்குப் போவதில்லை. உள்ளே வில் பொருத்திய இன்னொரு துருத்தி இருக்கிறது. அது காற்றைச் சேமித்து, கை ஆட்டத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்து அனுப்புகிறது. கை பின்னுக்குப் போகும்போதும் சுரம் அறுபடாமல் நிற்பது இதனால்தான். நல்ல நிலையிலுள்ள பெட்டியில் சத்தம் லேசாக வீங்கி வடியும், அவ்வளவுதான். காற்று கசியும் பழைய பெட்டியில் பல கட்டைகளை ஒன்றாக அழுத்தினால், கை போடும் தாளத்துக்கேற்பச் சத்தம் தொய்ந்து எழுவது கேட்கும்.

இடக்கை துருத்தியில் மாட்டிக்கொண்டதால் வாசிக்க வலக்கை மட்டுமே மிஞ்சுகிறது. இது காதுக்கு மிகப் பெரிய துப்பு. மெட்டு ஒற்றை வரியாக ஓடும். கீழே பேஸ் ஓட்டம் தனியாக நடக்காது. சுருதி ஸ்டாப்பரை இழுத்து வைத்திருந்தால் ஒரே சுரம் அடியில் நின்றுகொண்டே இருக்கும். பெரும்பாலான பெட்டிகளில் இரண்டு அல்லது மூன்று வரிசை ரீடுகள். கடைக்காரர்கள் பாஸ், மேல், ஃபீமேல் என்பார்கள். பாஸும் மேலும் ஒரு ஸ்தாயி இடைவெளியில் சேர்ந்து ஒலிப்பதால் ஒவ்வொரு சுரத்துக்கும் அடியில் ஒரு தடித்த நிழல் இருக்கும். கூடவே, கட்டையை விட்டதும் மர மூடி விழுந்து அடைக்கும் 'டக்' ஒலி. மைக்கை அருகில் வைத்துப் பதிந்திருந்தால் இந்த 'டக்' சுரத்தின் முடிவில் தெளிவாக விழும்.

இன்னொன்று, சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கல் கிடையாது. படி இறங்குவதுபோல் குதித்துக் குதித்துத்தான் போகும். கமகத்துக்கு இடம் தராத இந்தக் குணத்துக்காகவே அகில இந்திய வானொலி 1940-இல் ஹார்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்து விலக்கிவைத்தது. அந்தத் தடை பல பத்தாண்டுகள் நீடித்தது. பாட்டுக்காரரின் குரல் வளைந்து நெளிந்து போகும்போது, பின்னால் வரும் வாத்தியம் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகத் தொட்டு வந்தால் அது இந்தக் குடும்பம் என்ற சந்தேகம் உடனே வரவேண்டும். வயலின் அப்படி வராது.

அக்கார்டியனில் காற்றுச் சேமிப்பு அறை இல்லை. வாசிப்பவரின் கை அசைவு அப்படியே ரீடுக்குப் போய்ச் சேர்கிறது. அதனால் சுரத்தின் நடுவே சத்தத்தைப் பெருக்கவும் குறைக்கவும் முடியும். ஒரே கட்டையை அழுத்திப் பிடித்தபடி பாட்டுக்காரரைப்போல் மூச்சேற்றி இறக்கலாம். இழுக்கும்போதும் தள்ளும்போதும் ஒலிக்க ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு நாக்குகள் வைத்திருக்கிறார்கள். துருத்தி திசை மாறும் கணத்தில் ஒரு நாக்கு அடங்கி மற்றொன்று எழவேண்டும். அந்த இடத்தில் மிகச் சிறிய ஒரு பள்ளம் விழும். சுரம் மாறவில்லை, கட்டையின் ஓசையும் இல்லை, ஆனால் ஒலி ஒரு நொடிப்பொழுது தணிந்து மறுபடி பிறக்கிறது. இந்தப் பள்ளத்தைப் பிடித்துவிட்டால் பதிலில் முக்கால் பங்கு கிடைத்த மாதிரி.

இடக்கை இங்கே சும்மா இருப்பதில்லை. பொத்தான்களில் பேஸும் கார்டும் மாறிமாறி வாசிக்கும். துண்டில் மெட்டும் பேஸும் ஒரே மாதிரியான ரீடுக் குரலில் சேர்ந்து வந்தால் ஹார்மோனியத்தை ஒதுக்கிவிடலாம்.

அக்கார்டியனுக்கே உரிய இன்னொரு அடையாளம் அதன் அலைவு. ஒரே சுரத்துக்கு இரண்டு ரீடுகளை வைத்து, ஒன்றை வேண்டுமென்றே சற்று ஏற்றிச் சுருதி சேர்ப்பார்கள். ஒன்று 440, மற்றது 443 என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து வினாடிக்கு மூன்று முறை பெருத்துச் சிறுக்கும். பாரிஸ் தெருப்பாட்டு என்றதும் நினைவுக்கு வரும் அந்தத் தளும்பல் இதுதான். இதை 'மியூசெட்' சுருதி என்பார்கள். ஹார்மோனியத்திலும் சுருதி தளர்ந்த பழைய ரீடுகள் அலையும். ஆனால் அங்கே ஒரு கட்டை வேகமாக அலையும், அடுத்தது அலையாது, அதற்கடுத்தது மெதுவாக அலையும். அக்கார்டியனில் ஒழுங்கிருக்கும், மேலே போகப் போக அலைவு சீராக வேகமாகும்.

மெலோடிக்காவைக் கண்டுபிடிப்பது இவற்றுள் எளிது, ஏனென்றால் அதில் ஒரு மனிதர் மூச்சு விடுகிறார். சில வினாடிக்கு ஒருமுறை வாக்கியம் முடிந்து, மூச்சு வாங்கும் இடைவெளி வரும். சில பதிவுகளில் உள்ளிழுக்கும் மூச்சே கேட்கும். சுரத்தைக் குழலைப்போல நாக்கால் 'து' என்று தட்டித் தொடங்கலாம். கட்டையை அழுத்தியபடியே 'து-து-து' என்று அதே சுரத்தை மூன்று முறை எழுப்பலாம். மற்ற வாத்தியங்களில் அப்படித் திரும்ப எழுப்பக் கட்டையை விட்டு அழுத்தவேண்டும், அல்லது அக்கார்டியனைப்போலத் துருத்தியை உலுக்கவேண்டும். சாதாரண மெலோடிக்காவில் ஒரு சுரத்துக்கு ஒரே ரீடு. ஆகவே அக்கார்டியனின் தளும்பல் வராது. அதற்குப் பதில் மூச்சை நடுக்கி உண்டாக்கும் நடுக்கம் வரும். அது எந்திரம்போல் சீராக இருக்காது. சுரம் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்கும், முடியும்போது அகலும்.

பரவலாகப் புழங்கும் 32 கட்டை மெலோடிக்காவின் ஆகக் கீழ்ச் சுரம் ஏறத்தாழ 175 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஆழமாக ஒரு சுரம் கேட்டால் அந்தப் பெட்டி இல்லை. இரண்டு மூன்று கட்டைகளை ஒன்றாக அழுத்தினால் ஒரே மூச்சு பங்கு பிரிவதால் ஒவ்வொரு சுரமும் மெலியும். ஜமைக்காவின் அகஸ்டஸ் பாப்லோ 1970-களில் இந்தப் பள்ளிக்கூடப் பொம்மையை வைத்துத்தான் ரெகே இசைக்குள் ஒரு தனிக் குரலைக் கொண்டுவந்தார். அவருடைய 'ஜாவா'வைக் கேட்டால், நீண்ட வாக்கியம், இடைவெளி, மறுபடி வாக்கியம் என்று மூச்சின் அளவிலேயே மெட்டு வெட்டப்பட்டிருப்பது புரியும்.

இனி காற்றே இல்லாத நான்காவது.

எலெக்ட்ரிக் ஆர்கன் என்ற சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வாத்தியங்கள் இருக்கின்றன. அவற்றில் மிகவும் புகழ்பெற்றது அமெரிக்காவில் லாரன்ஸ் ஹாமண்ட் 1935-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்குள் ரீடு இல்லை, குழல் இல்லை. ஓரத்தில் பல் வெட்டிய இரும்புச் சக்கரங்கள் ஒரு மோட்டாரில் ஓயாமல் சுற்றுகின்றன. ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் காந்தமும் கம்பிச்சுருளும். பல் கடந்துபோகும் ஒவ்வொரு முறையும் சுருளில் சிறு மின்னோட்டம் எழுகிறது, அதுதான் சுரம். கட்டையை அழுத்துவது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சுரத்துக்கு ஸ்விட்ச் போடுவதுதான்.

இதிலிருந்து நேராகச் சில அடையாளங்கள் கிளம்புகின்றன. ரீடு அசைந்து முழுச் சத்தத்துக்கு வரச் சற்று நேரம் வேண்டும். கீழ் ஸ்தாயியின் கனத்த நாக்குக்கு இன்னும் அதிகம். ஹாமண்டில் மேல் சுரமும் கீழ்ச் சுரமும் ஒரே வேகத்தில் 'டப்'பென்று பிறக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் அடியிலுள்ள ஒன்பது தொடுமுனைகள் மிகச்சரியாக ஒரே கணத்தில் சேர்வதில்லை என்பதால், தொடக்கத்தில் 'டிக்' என்ற ஒரு சொடுக்கு விழும். ஹார்மோனியத்தின் 'டக்' சுரம் முடியும்போது மர ஓசையாக வருவது. ஹாமண்டின் 'டிக்' சுரம் தொடங்கும்போது, வாத்தியத்தின் குரலுக்குள்ளேயே, ஒலிபெருக்கி வழியாகவே வருவது. பிறகு அழுத்திப் பிடித்தால் நாளெல்லாம் அதே சத்தம். துருத்தி தொய்வதில்லை, மூச்சு தீர்வதில்லை.

சக்கர ஆர்கனுக்குள் இன்னொரு ரகசியமும் இருக்கிறது. கணினி வைத்திருப்பவர்கள் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரீடு ஒலிக்கும்போது அடிச்சுரத்துடன் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று எல்லா மடங்குகளும் கணக்குத் தப்பாமல் சேர்ந்து வரும். 440 என்றால் 880, 1320, 1760, 2200, 2640, 3080. ஹாமண்டில் இந்த மடங்குகளைத் தனியாகத் தயாரிப்பதில்லை. பக்கத்துக் கட்டைகளுக்கான சக்கரங்களிலிருந்து கடன் வாங்கிக் கலக்கிறார்கள். ஒன்பது இழுகம்பிகளை எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு கலக்கும். அந்த ஒன்பதில் ஏழாம் மடங்குக்குக் கம்பியே இல்லை. ஐந்தாம் மடங்குக்கு இருக்கிறது. ஆனால் அது வேறொரு கட்டையின் சுரம் என்பதால் கணக்குப்படி வரவேண்டிய 2200-இல் நிற்காமல் 2217-ஐ ஒட்டி நிற்கும்.

ஆடாசிட்டி என்ற இலவசச் செயலியில் சுரம் நிலையாக நிற்கும் ஒரு வினாடியைத் தேர்ந்தெடுத்து, `Analyze` பட்டியலில் `Plot Spectrum` என்பதை அழுத்தி, `Size` என்ற இடத்தில் 16384 வைத்தால் இந்தச் சிகரங்களை எண்ணலாம். ஏழாவது இடம் காலியாகவும் ஐந்தாவது கொஞ்சம் தள்ளியும் இருந்தால் அது ஹாமண்ட். ஏழாவது இருந்தால் உடனே ரீடு என்று எழுதிவிடக் கூடாது. ஹாமண்டின் ஒலிபெருக்கியை முறுக்கி உறுமவிட்டிருந்தால் அந்தச் சிதைவே புதிய மடங்குகளை உண்டாக்கும். டிரான்சிஸ்டர் ஆர்கன்களின் மின்னலையிலும் ஏழாம் மடங்கு இருக்கக்கூடும்.

ஹாமண்டுக்குப் பெரும்பாலும் துணையாக நிற்பது லெஸ்லி ஒலிபெருக்கி. அதற்குள் ஒரு கொம்பு மோட்டாரில் சுற்றுகிறது. வேகமாகச் சுற்றினால் வினாடிக்கு ஆறு ஏழு முறை, மெதுவாகச் சுற்றினால் ஒருமுறைக்கும் குறைவு. இங்கேதான் அக்கார்டியனின் தளும்பலும் ஆர்கனின் சுழற்சியும் குழப்பும். பிரிக்க வழி ஒன்றிருக்கிறது. அக்கார்டியனின் அலைவு ஒவ்வொரு சுரத்துக்குள்ளும் தனித்தனியாகப் பிறப்பது. சுரம் மாறினால் வேகமும் மாறும். லெஸ்லி எல்லாச் சுரங்களும் கலந்து வெளியே வந்த பிறகு சுழற்றுவது. எந்தச் சுரத்துக்கும், எத்தனை சுரம் சேர்ந்தாலும், ஒரே வேகம். துண்டின் நடுவே அந்தச் சுழற்சி மெதுவாகத் தொடங்கி முடுக்கம் பெற்றால் மேலே யோசிக்கவே வேண்டாம். வாசிப்பவர் மோட்டாரின் ஸ்விட்சைத் தட்டியிருக்கிறார்.

ஒரு துண்டை எடுத்துப் பார்ப்போம். பழைய ஒலிநாடாவிலிருந்து வெட்டியது, ஐந்து வினாடி. நான்கு சுரம் கொண்ட மெட்டு ஏறி இறங்கி, கடைசிச் சுரம் இரண்டு வினாடி நிற்கிறது. பின்னால் தாள வாத்தியம் மங்கலாக இருக்கிறது. முதல் கேட்பிலேயே கரகரப்பும் தளும்பலும் தெரிகின்றன. அக்கார்டியன் என்று சொல்லத் தோன்றும். நடுங்கவைத்த ஆர்கனாகவும் இருக்கலாம்.

முதலில் தளும்பலை எண்ணவேண்டும். ஆடாசிட்டியில் அலைவடிவத்தைப் பெரிதாக்கினால் நிற்கும் சுரத்தில் மேடுகள் தெரியும். கடைசிச் சுரம் 440 ஹெர்ட்ஸ். அதில் இரண்டு வினாடிக்கு ஆறு மேடு, அதாவது வினாடிக்கு மூன்று. அதற்கு முன்னால் அரை வினாடி நிற்கும் 659 ஹெர்ட்ஸ் சுரத்தில் இரண்டு மேடு, வினாடிக்கு நான்கு. உயரம் மாற வேகமும் மாறுகிறது. ஆக, சுழலும் கொம்பு இல்லை, ஆர்கனின் நடுக்க ஸ்விட்சும் இல்லை. ஆனால் அரை வினாடியில் இரண்டு மேடு என்பது வலுவான சாட்சி அல்ல; ஒரு மேடு தப்பினாலும் கணக்கு மாறிவிடும். இன்னொரு சாட்சி வேண்டும்.

கடைசிச் சுரத்தின் நடுவே, முதல் வினாடி முடியும் இடத்தில், மேடுகளின் வரிசைக்குள் அடங்காத ஒரு குறுகிய பள்ளம் இருக்கிறது. அதற்குப் பிறகு சுரம் சற்று அழுத்தமாக எழுகிறது. முன்னும் பின்னும் கட்டை ஓசை இல்லை. மூச்சு வாங்கிய இடைவெளி என்றால் இதைவிட நீளமாக இருந்திருக்கும், எழும்போது நாக்குத் தட்டியதும் கேட்டிருக்கும். ஹார்மோனியத்தின் உள்துருத்தி இப்படிச் சட்டென்று வெட்டவிடாது. திசை மாறிய துருத்தியின் வேலை இது. இப்போது அலைவும் பள்ளமும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன: இரட்டை ரீடில் சுருதி விலக்கிய அக்கார்டியன். அந்தப் பள்ளம் மட்டும் இல்லாமல் இருந்து, அலைவும் கட்டைக்குக் கட்டை தாறுமாறாக இருந்திருந்தால், நெடுநாள் சுருதி பார்க்காத ஹார்மோனியம் என்று எழுதவேண்டியிருக்கும்.

காதைப் பழக்கிக்கொள்ள நல்ல பதிவுகள் உண்டு. 1969-இல் வந்த 'ஆராதனா' படத்தின் 'ரூப் தேரா மஸ்தானா'வில் கெர்சி லார்டு வாசித்த அக்கார்டியன் பாட்டுக்குள் இழைந்து போகும். துருத்தியின் ஏற்ற இறக்கத்தை மட்டும் பின்தொடர்ந்து கேட்கலாம். 1967-இல் வந்த புரோகோல் ஹாரம் குழுவின் 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டின் தொடக்கம் ஹாமண்டும் லெஸ்லியும் சேர்ந்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்னால் அனிமல்ஸ் குழு பாடிய 'தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' பாட்டில் வருவது வாக்ஸ் கான்டினென்டல் என்ற டிரான்சிஸ்டர் ஆர்கன். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே பெயரைப் பங்கிட்டுக்கொண்ட இரு வாத்தியங்கள் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பது தெரியும். வாக்ஸின் குரல் மெல்லியது, கூர்மையானது, ரீடுக்கு நெருக்கமானது.

அந்த நெருக்கம்தான் ஏமாற்றும் இடம். இத்தாலியின் ஃபார்ஃபிசா ஆர்கனை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனமே 1946-இல் மூன்று அக்கார்டியன் தயாரிப்பாளர்கள் ஒன்றுசேர்ந்து உருவானது. அவர்கள் அக்கார்டியன் உருவத்திலேயே 'டிரான்சிகார்டு' என்ற மின்னணு வாத்தியத்தையும் செய்தார்கள். இப்படிப்பட்ட ஒலி கிடைத்தால் குரலை விட்டுவிட்டு ஸ்தாயிகளைக் கேட்கவேண்டும். இந்த வகை ஆர்கன் பலவற்றில் மேல் ஸ்தாயிச் சுரத்தை மின்சுற்று பாதி பாதியாக வகுத்துத்தான் கீழ் ஸ்தாயிகள் உண்டாகின்றன. ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து அழுத்தினால் துளிகூட அலையாமல் பூட்டிப் போட்டதுபோல் நிற்கும். ரீடுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டிச் சுருதி சேர்க்கும் வாத்தியத்தில் அவ்வளவு கச்சிதம் அபூர்வம். எதிர்த்திசையிலும் ஒரு பொறி உண்டு. வீட்டு உபயோகத்துக்காக விற்ற சில 'கார்டு ஆர்கன்'களில் மின்சாரம் இயக்குவது விசிறியைத்தான், பாடுவது ரீடு. காற்று எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் சீராக வருவதால் நடுப்பகுதி எலெக்ட்ரிக் ஆர்கன்போலவும் குரல் ஹார்மோனியம்போலவும் இருக்கும். அடியில் விசிறியின் 'உம்ம்' கேட்கிறதா என்று இடைவெளிகளில் தேடவேண்டும்.

பதிவு கெட்டிருந்தால் எந்தத் தடயமும் மிஞ்சாது. கைபேசியின் இரைச்சல் நீக்கி, மூச்சையும் துருத்தியின் சீறலையும் இரைச்சல் என்று எண்ணித் துடைத்துவிடும். நீண்டு நிற்கும் சுரத்தையே சில சமயம் மெல்ல அமுக்கிவிடும். பிறகு அந்தத் தணிவு துருத்தியுடையதா, கைபேசியுடையதா என்று பிரிக்க முடியாது. குரல்செய்தியாகச் சுருக்கி அனுப்பியதில் மேல் மடங்குகள் போய்விடும். 'டிக்'கும் 'டக்'கும் மழுங்கிவிடும். ஒற்றை ஒலித்தடமாக மாற்றியதில் லெஸ்லி இடவலமாகச் சுற்றும் உணர்வு போய், பெருத்துச் சிறுப்பது மட்டும் எஞ்சும். ஆகவே யாராவது துண்டை அனுப்பினால், மூலப் பதிவையே கோப்பாக அனுப்பச் சொல்வதுதான் முதல் வேலை. தொடக்கமும் முடிவும் உள்ள இரண்டு சுரமாவது அதில் இருக்கவேண்டும் என்றும் கேட்கலாம். தொடக்கமும் முடிவும் இல்லாத ஒற்றைச் சுரம், ஒற்றை ரீடில், அசையாமல் நின்றால் ஹார்மோனியத்தையும் அக்கார்டியனையும் யாராலும் உறுதியாகப் பிரிக்க முடியாது. 'ரீடு வாத்தியம்' என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மையான பதில்.

இன்றைக்கு வரும் துண்டுகளில் ஐந்தாவது ஒரு வாய்ப்பும் உண்டு: கீபோர்டில் பதிந்து வைத்த ஹார்மோனியம். உண்மையான ரீடின் பதிவு என்பதால் குரல், மடங்கு, தொடக்கம் எல்லாம் சரியாகவே இருக்கும். அதைப் பிடிக்க ஒரே சுரம் இரண்டு முறை வரும் இடத்தைத் தேடி, இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்க்கவேண்டும். துருத்தியில் வாசித்தவை ஒருபோதும் அச்சாக ஒத்துப்போகாது. ஒன்றில் காற்று கொஞ்சம் கூடியிருக்கும், அழுத்தம் கூடிய இடத்தில் சுருதி இம்மியளவு இறங்கியும் இருக்கும். கீபோர்டில் இரண்டும் அலைக்கு அலை ஒத்துப்போகலாம். நீண்டு நிற்கும் சுரத்தில் ஒரே சிறு நெளிவு ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதும் அதன் அடையாளம். பதிவின் ஒரு பகுதியைச் சுழற்சியில் விட்டிருக்கிறார்கள். விலை கூடிய மென்பொருள்களில் ஒவ்வொரு சுரத்துக்கும் பல பதிவுகளை வைத்து மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். அங்கே இரண்டு முறை போதாது; அதே சுரம் பத்துப் பன்னிரண்டு முறை வரும் நீளமான துண்டைக் கேட்டு வாங்கவேண்டும்.